மைனர் சுரவரிசையில் இடம் மாறும் சுரங்கள்

பியானோ பயிலும் மாணவர்கள் மூன்று வகை மைனர் சுரவரிசைகளைக் கற்கிறார்கள். அவை நேச்சுரல், ஹார்மோனிக், மெலோடிக் என்பன. இவற்றைத் தனித்தனியே பயிற்சி செய்வதால், ஒரு பாடல் முழுவதும் ஏதாவது ஒரு வரிசையில்தான் அமைந்திருக்கும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் ஒரே பாடலில் மூன்றும் கலந்து வரலாம். முதல் ஐந்து சுரங்கள் மாறுவதில்லை. ஆறாம் சுரமும் ஏழாம் சுரமும் மட்டுமே தேவைக்கேற்ப அரைப்படி உயர்கின்றன.

ஈ மைனரை எடுத்துக்கொள்வோம். அதன் நேச்சுரல் வரிசை ஈ, எஃப் சார்ப், ஜி, ஏ, பி, சி, டி என்பதாகும். இதில் ஏழாம் சுரமான டி, மேலுள்ள ஈ-யிலிருந்து முழுப்படி தள்ளி நிற்கிறது. அதனால் டி-யைக் கேட்கும்போது, அடுத்து ஈ வந்தே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுவாக எழுவதில்லை. டி-யை அரைப்படி உயர்த்தி டி சார்ப் ஆக்கினால் நிலைமை மாறுகிறது. அது ஈ-யை நெருங்கி நின்று, அதை நோக்கி நம் செவியை இழுக்கிறது. பாடல் தன் ஆதார சுரத்துக்குத் திரும்பும் இடங்களில் இந்த இழுப்பு தேவைப்படுகிறது. இவ்வாறு ஏழாம் சுரம் மட்டும் உயர்ந்த வரிசையே ஹார்மோனிக் மைனர்.

ஆனால், இந்த மாற்றம் வேறொரு சிக்கலை உண்டாக்குகிறது. ஆறாம் சுரமான சி-க்கும் டி சார்ப்புக்கும் இடையே ஒன்றரைப் படி இடைவெளி விழுகிறது. படிப்படியாக ஏறும் மெட்டில் இது திடீரென ஒரு படியைத் தாண்டுவது போல் ஒலிக்கும், பாடுவதற்கும் கடினம். எனவே சி-யையும் உயர்த்தி, பி, சி சார்ப், டி சார்ப், ஈ என்று சீராக ஏறச் செய்கிறார்கள். இறங்கும்போது மெட்டு ஈ-யை விட்டு விலகிச் செல்வதால் அந்த இழுப்பு தேவையில்லை. ஆகவே இரு சுரங்களும் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. இதுவே மெலோடிக் மைனர்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஜோஹன் செபாஸ்டியன் பாக் (1685–1750) இயற்றிய ஈ மைனர் தொகுப்பு ஒன்றில் பூரே என்னும் நடன இசை உள்ளது. கிட்டார் கலைஞர்கள் இன்றும் விரும்பி வாசிக்கும் இசை அது. அதன் மேல்குரல் ஈ, எஃப் சார்ப், ஜி, எஃப் சார்ப், ஈ, டி சார்ப், ஈ, எஃப் சார்ப் என்று தொடங்குகிறது. பின்னர் கீழே உள்ள பி-க்குத் தாவி, பி, சி சார்ப், டி சார்ப், ஈ என்று ஏறுகிறது. உடனே டி, சி, பி, ஏ, ஜி என்று இறங்குகிறது. ஏறும்போது உயர்ந்திருந்த இரு சுரங்களும் இறங்கும்போது இயல்பு நிலைக்கு வந்துவிட்டதை இங்கே தெளிவாகக் காணலாம்.

முதலில் வரும் டி சார்ப்பையும் கவனிக்க வேண்டும். அதை மெட்டு மேலிருந்து இறங்கித்தான் அடைகிறது. “ஏறினால் உயர்த்து, இறங்கினால் தாழ்த்து” என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே டி-யை வாசித்துவிடுவார். ஆனால், மெட்டு அந்த இடத்திலிருந்து மீண்டும் ஈ-க்குத் திரும்புகிறது. ஆகவே டி சார்ப்பே பொருந்தும். எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைவிட, அடுத்து எங்கே செல்கிறது என்பதே முக்கியம்.

இசைத்தாளில் இதைக் கண்டறிவது எளிது. ஈ மைனருக்கும் ஜி மேஜருக்கும் தொடக்கத்தில் ஒரே ஒரு சார்ப் குறிதான் இருக்கும். உயர்த்தப்பட்ட சுரங்களின் குறிகள் பாடலின் நடுவே அந்தந்தச் சுரத்தின் பக்கத்தில் எழுதப்படும். டி-க்கு முன் அடிக்கடி சார்ப் குறி தென்பட்டால், அப்பாடல் ஈ மைனரில் இருக்க வாய்ப்பு மிகுதி.

இந்த மூன்று அமைப்புகளும் தமிழர்க்குப் புதியன அல்ல. கர்நாடக இசையில் நேச்சுரல் மைனரின் சுரங்கள் நடபைரவி ராகத்திலும், ஹார்மோனிக் மைனரின் சுரங்கள் கீரவாணியிலும், ஏறும் மெலோடிக் மைனரின் சுரங்கள் கௌரிமனோகரியிலும் உள்ளன. ஆனால், கௌரிமனோகரி ஏறும்போதும் இறங்கும்போதும் அதே சுரங்களையே கொண்டிருக்கும். மேலை இசை தவிர்க்க முயன்ற அந்த ஒன்றரைப் படி இடைவெளியோ கீரவாணிக்குத் தனி அழகைத் தருகிறது.