செவிலியர் குறிப்பும் வீட்டார் மொழியும்

செவிலியர் ஒருவர் தம் பணிநேரம் முடியும்போது அடுத்து வருபவருக்கு எழுதிவைப்பது பணிமாற்றக் குறிப்பு. நோயாளிக்குச் செய்ய வேண்டியவற்றை முறைப்படுத்தி எழுதுவது பராமரிப்புத் திட்டம். இரண்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், செவிலியர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் சுருக்கமான நடையில் அமைகின்றன. நோயாளி வீடு திரும்பும்போது இவற்றைத் தமிழாக்குபவர், அச்சுருக்கத்தில் மறைந்திருக்கும் செயலையும் வெளிக்கொணர வேண்டும்.

பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் முதியவர் ஒருவரின் குறிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு வரியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், “இரண்டு மணிக்கொருமுறை நிலைமாற்றுக, அடிமுதுகில் சிவப்பு, அழுத்தினால் வெளுக்கவில்லை” என்று வரும்.

“இரண்டு மணிக்கொருமுறை” என்பதை, நாள்தோறும் இரண்டு மணிக்கு ஒருமுறை என்றும் ஒருவர் பொருள்கொள்ளக்கூடும். “இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை” என்றால் ஐயமில்லை. “காலை 6 மணிக்கு இடப்பக்கம், 8 மணிக்கு வலப்பக்கம், 10 மணிக்கு இடப்பக்கம்” என்று நேரத்தோடு பட்டியலிட்டால் இன்னும் தெளிவு. “நிலைமாற்றுக” என்பதையும் விரிக்க வேண்டும். உடலை இழுத்தால் தோல் விரிப்போடு உராய்ந்து சிதையும். ஆகவே, “இருவர் சேர்ந்து, அடியில் விரித்த துணியைப் பிடித்துத் தூக்கித் திருப்புங்கள், இழுக்காதீர்கள்” என எழுதுதல் வேண்டும்.

அடுத்தது “வெளுக்கவில்லை” என்னும் சொல். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால், நலமான தோல் ஒரு கணம் வெளுத்துப் பின் பழைய நிறம் பெறும். வெளுக்காத சிவப்பு, படுக்கைப்புண்ணின் முதல் நிலை. செவிலியர் ஒரே சொல்லில் குறித்த இச்சோதனையை வீட்டார் அறியார். அதனைச் செய்முறையாகவே எழுதித் தர வேண்டும்.

இங்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கருநிறத் தோலில் சிவப்பும் வெளுப்பும் தெளிவாகப் புலப்படா. “சிவந்தால் தெரிவியுங்கள்” என்று மட்டும் எழுதினால், வீட்டார் சிவப்பைத் தேடிக் காணாமல், புண் இல்லை என்று எண்ணிவிடுவர். எனவே மொழிபெயர்ப்பாளர் செவிலியரைக் கலந்து, “அவ்விடம் சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ, வலியுடனோ இருந்தால் உடனே செவிலியருக்குச் சொல்லுங்கள், அதைத் தேய்த்துவிடாதீர்கள்” என்று சேர்த்தல் வேண்டும். மூலத்தில் இல்லாத மருத்துவச் செய்தியைத் தாமாகவே சேர்க்கும் உரிமை அவருக்கு இல்லை.

எழுதி முடித்தபின் பராமரிப்பவரிடம் “புரிந்ததா?” என்று கேட்டல் பயன் தராது, பலரும் “புரிந்தது” என்றே கூறுவர். “எப்படித் திருப்புவீர்கள்? எதைக் கண்டால் எங்களை அழைப்பீர்கள்?” என்று கேட்டு, அவர்தம் சொல்லிலேயே விடை பெற வேண்டும். விடை பிழையானால் திருத்த வேண்டியது அம்மொழிபெயர்ப்பையே.

கற்பவை கற்றபின்

“வாய்வழி எதுவும் வேண்டா” என்னும் செவிலியர் குறிப்பைப் படிக்கும் வீட்டார், தண்ணீரும் மாத்திரையும் கொடுக்கலாமா எனத் தயங்குவர். செவிலியரிடம் நீங்கள் கேட்டறிய வேண்டிய வினாக்களைத் தொகுத்து எழுதுக.