உண்டியலை எதில் வரைவது?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பூக்கட்டி விற்கும் அக்காவுக்கு முதலாளி கிடையாது. ஆகவே அவர் பெயரில் மாதாமாதம் இபிஎஃப் கட்டவும் ஆளில்லை. ஆனால் அவரே கட்டலாம். சொந்தத் தொழில் செய்யும் 60 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று ஐ-சாரான் என்றொரு திட்டம் இருக்கிறது. 2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அவர் கட்டும் தொகையில் 20 விழுக்காட்டை அரசாங்கம் தன் பங்காகப் போடும். ஆண்டுக்கு 500 வெள்ளிதான் உச்சம். இந்த ஒரு செய்தியை ஒன்றரை நிமிட வெண்பலகை வீடியோவாக, குரல் சொல்லச் சொல்லக் கை வரைகிற மாதிரி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

எடுக்க மூன்று வழி இருக்கிறது. பலகையிலோ தாளிலோ நிஜமாகவே வரைந்து, மேலிருந்து கைப்பேசியில் படம்பிடிக்கலாம். டேப்லெட்டில் வரைந்து திரையைப் பதிவு செய்யலாம். வீடியோஸ்கிரைப் மாதிரி மென்பொருளில் படத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு பொய்க்கை வந்து வரைவதுபோல் ஓடவிடலாம். எது மலிவு, எது சுலபம் என்பதை வைத்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். நான் கேட்பது வேறு கேள்வி: அடுத்த ஆண்டு அந்த 20 என்ற எண் மாறினால் என்ன செய்வீர்கள்? சேமிப்பைப் பற்றிய வீடியோவில் எண்கள்தான் முதலில் பழசாகும். 2023இல் இபிஎஃப் வழக்கமான சேமிப்புக்குத் தந்த ஈவு 5.50 விழுக்காடு, 2024இல் 6.30. வீடியோவில் ஈவை எழுதிவிட்டால் பன்னிரண்டு மாதத்தில் அது தவறான வீடியோ.

எந்த வழியை எடுத்தாலும் குரலை முதலில் பதிவு செய்துவிடுங்கள். வரைந்துவிட்டுப் பிறகு பேசினால், கை போன வேகத்துக்கு வாய் ஓட வேண்டியிருக்கும். நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு நூறு சொல்தான் வருகிறது. ஒன்றரை நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல். அதற்குள் ஏழெட்டுப் படத்துக்கு மேல் இடமில்லை.

தமிழில் பேசும்போது ஒரு வசதி உண்டு, பெரும்பாலோர் அதை வீணடிக்கிறார்கள். நம் வாக்கியத்தில் ஆள், பொருள், அளவு எல்லாம் முன்னே வந்து, வினை கடைசியில் வரும். "அக்கா ஐந்து வெள்ளியை உண்டியலில் போடுகிறார்." வரைகிற கைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆளை வரை, நோட்டை வரை, உண்டியலை வரை, கடைசியில் நோட்டிலிருந்து உண்டியலுக்கு ஓர் அம்புக்குறி. "போடுகிறார்" என்று குரல் முடியும்போது அம்பின் முனையும் முடியும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிய உரையைத் தமிழாக்கி, அந்த மொழிக்காக வரைந்த படத்தையே ஓட்டும்போது இது கெட்டுப்போகிறது. அங்கே வினை நடுவிலேயே வந்துவிடுவதால் அம்பு முன்னதாகப் போய்விடும். நம் குரல் இன்னும் உண்டியலுக்கே வந்திருக்காது. பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது. ஆனால் படம் முந்தினால் அதைப் படித்துவிட்டுக் காதை மூடிக்கொள்வார். பிந்தினால் காத்திருந்து சலிப்பார். ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிற இடங்களில் படம் முந்துகிறது.

வரைவதைக் காட்டுவதில் உண்மையில் பயன் உண்டா, வெறும் வேடிக்கையா என்ற சந்தேகம் நியாயமானதுதான். லோகன் ஃபியோரெல்லா, ரிச்சர்ட் மேயர் என்ற இரு உளவியலாளர்கள் 2016இல் டாப்ளர் விளைவுப் பாடத்தை வைத்துச் சோதித்தார்கள். பாடத்தில் முன்னறிவு குறைந்தவர்களுக்கு, ஏற்கெனவே வரைந்து வைத்த படத்தைவிட, பேசிக்கொண்டே வரைந்து காட்டிய படம் உதவியது. அந்தக் கை கண்ணில் படுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இபிஎஃப் பற்றி ஏற்கெனவே தெரிந்த கணக்காளருக்கு இந்த வீடியோ தேவையில்லை. பூக்கடை அக்காவுக்கு வேண்டும். அவருக்குக் கையும் தெரிய வேண்டும்.

இங்கேதான் தாளும் கைப்பேசியும் முந்துகின்றன. வெண்பலகையைவிட மேசையில் விரித்த பெரிய வெள்ளைத் தாள் நல்லது, பளபளப்பு அடிக்காது. இரண்டு விளக்கு, இரண்டு பக்கமும் சாய்வாக. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் நடுமுற்றத்து வெளிச்சத்தை நம்பாதீர்கள்: ஒரு மேகம் கடந்தால் தாள் சாம்பல் நிறமாகும். வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டிவிட்டு வரையத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் கை உள்ளே வந்து போகும்போதெல்லாம் தாள் மங்கி மங்கி வெளுக்கும். குழல் விளக்கின் கீழ் எடுத்தால் விநாடிக்கு 25 சட்டம் என்று கைப்பேசியில் மாற்றிக்கொள்ள வேண்டும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வழக்கமான 30இல் படத்தின் மேல் கோடுகள் ஊர்ந்து போகும். முதல் முயற்சியில் எனக்கு அப்படித்தான் ஊர்ந்தன. மழைக்குக் கூரை ஒழுகுகிறதோ என்றுகூடப் பார்த்தேன்.

வேகம் அடுத்த சிக்கல். கை நிஜமாகப் படம் வரைய எடுக்கும் நேரம் பெரும்பாலும் குரலைவிட அதிகம். பூக்கடை அக்காவின் முகம், கொண்டை, மடியில் பூச்சரம் என்று வரைய எனக்கு நாற்பது விநாடி ஆகிறது. குரல் அவருக்கு ஒதுக்குவது நான்கு விநாடி. பத்து மடங்கு விரைவுபடுத்தினால் கை பூச்சியாகிவிடும். அதனால் படத்தைக் குறைக்க வேண்டும்: கொண்டையும் சரமும் போதும், முகம் வேண்டாம். எண்களை மட்டும் விரைவுபடுத்தவே கூடாது. "1,500" என்று எழுத நிஜமாகவே மூன்று விநாடிதான் ஆகிறது, "ஆயிரத்து ஐந்நூறு" என்று சொல்லவும் அவ்வளவுதான்.

டேப்லெட்டில் கை தெரியாது. அது இழப்பு. ஆனால் ஒவ்வொரு படமும் தனித்தனி அடுக்கில் இருப்பதால், எண் மாறினால் அந்த அடுக்கை மட்டும் திரும்ப எழுதிப் பதிவு செய்யலாம். மலாய்ப் பதிப்பு வேண்டுமென்றாலும் அப்படியே. வரையும் செயலி தானே தயாரித்துத் தரும் விரைவுப் பதிவை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது எல்லாக் கோட்டையும் ஒரே மாதிரிச் சுருக்கிவிடும். திரைப்பதிவை ஓடவிட்டு, பிறகு குரலுக்கேற்ப வெட்டுவதே சரி.

மென்பொருளை நான் கடைசியில் வைக்கிறேன். அதன் கிடங்கில் இருக்கும் படங்களில் டாலர் குறியும், பன்றி வடிவச் சேமிப்புப் பெட்டியும் வரிசைகட்டி நிற்கும். தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்யும் ஊரில் சேமிப்புக்குப் பன்றியை வரைவது புத்திசாலித்தனமல்ல. நம் படங்களையே எஸ்விஜி கோப்பாகக் கொடுக்கலாம். ஆனால் கோப்பில் கோடுகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையில்தான் பொய்க்கை வரையும். வாய்க்கு முன் மூக்கு, உண்டியலுக்கு முன் காசு. அதை ஒவ்வொன்றாக அடுக்கிச் சீர்செய்ய வேண்டும். ஸ்கேன் செய்த படத்தை இன்க்ஸ்கேப்பில் மாற்றும்போது வழக்கமான முறை ஒவ்வொரு கோட்டின் இரு ஓரத்தையும் எடுக்கும். கை ஒரு கோட்டைச் சுற்றிச் சுற்றி வரும். Centerline tracing என்ற தேர்வுதான் நடுக்கோட்டை எடுக்கும். தமிழ் எழுத்தைத் தட்டச்சு செய்தால் சில மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், ஆகவே எழுத்தையும் கையால் எழுதி ஸ்கேன் செய்யுங்கள். இத்தனை பாடும் ஒரே ஒரு வீடியோவுக்குத் தகாது. பன்னிரண்டு வீடியோ அடுத்தடுத்து வரப்போகிறது, படங்கள் திரும்பத் திரும்ப வரும் என்றால் யோசிக்கலாம்.

பன்றி இல்லையென்றால் என்ன? மண் உண்டியல். இதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. முதல் வரைவை அஞ்சடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். "ஏன் தம்பி, உண்டியல்ல போட்டா ஊருக்குல்ல போயிரும்?" என்றார். அவர் தலைமுறைக்கு உண்டியல் என்றால் நாட்டுக்குப் பணம் அனுப்புவது. அதனால் குரலில் "மண் உண்டியல்" என்றே சொல்ல வைத்தேன், காசு போடும் கீறலைப் படத்தில் பெரிதாக்கினேன்.

இனி கணக்கு. அக்கா நாளுக்கு 5 வெள்ளி எடுத்து வைக்கிறார், மாதம் 25 நாள். மாதம் 125, ஆண்டுக்கு 1,500. அதில் 20 விழுக்காடு 300. ஆக 1,800. முழு 500 வெள்ளி வேண்டுமென்றால் ஆண்டுக்கு 2,500 கட்ட வேண்டும். அதை வீடியோவில் சொல்லவில்லை, ஒரு வாக்கியத்துக்கு ஓர் எண்தான் தாங்கும். 25 நாளை இருபத்தைந்து கட்டமாக வரைந்தால் குரல் தாண்டிப் போய்விடும். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கிற கடைக்காரக் கணக்காக ஐந்து கட்டு வரைந்தேன், அதுவே போதுமானது.

இதற்கு மேல் ஒரு படம் கட்டாயம் வேண்டும். மண் உண்டியலை நினைத்தபோது உடைக்கலாம், இபிஎஃபை உடைக்க முடியாது. இதைக் காட்டாத வீடியோ பொய் சொல்கிறது. 2024 மே 11 முதல், 55 வயதுக்குட்பட்டவர் கட்டும் பணம் மூன்றாகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கு, 15 வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்கு. அக்காவின் 1,500இல் இது 1,125, 225, 150. மூன்று குடம் வரையுங்கள், பெரியது, நடுத்தரம், சிறியது. சிறிய குடத்துக்கு மட்டும் மூடி போடாமல் விடுங்கள். "இதை மட்டும்தான் எப்போதும் திறக்கலாம்" என்று குரல் சொல்லும்போது கை அந்தக் குடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடட்டும்.

ஈவுக்குச் சிலர் செடி வளர்வதை வரைகிறார்கள். வேண்டாம். செடி வளர்ந்துகொண்டே போகும் என்று பார்ப்பவர் நினைப்பார். சட்டப்படி வழக்கமான சேமிப்புக்கு உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்ச ஈவு 2.5 விழுக்காடுதான், மீதியெல்லாம் அந்தந்த ஆண்டின் முதலீட்டைப் பொறுத்தது.

நான் கடைசியில் தாளைத்தான் தேர்ந்தெடுத்தேன், டேப்லெட்டின் ஒரு வசதியைத் திருடிக்கொண்டு. 20, 300, 1,800 மூன்றையும் தாளில் எழுதாமல் தனித்தனி அட்டையில் எழுதி, கை கொண்டுவந்து வைப்பதுபோல் எடுத்தேன். மூன்று அட்டைக் காட்சியும் தனித்தனித் துண்டுகளாக இருக்கின்றன. விழுக்காடு மாறினால் பத்து விநாடியைத் திரும்ப எடுத்து ஒட்டினால் போதும். அட்டை வெட்டிய மீதி இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, அதே பேனாவும்தான். மை காயாமல் இருக்கப் படுக்கவைத்திருக்கிறேன்.