அடியின் தலையில் ஒலிக்கும் ஓசை
(எதுகை, மோனை, இயைபு)

செகந்தராபாத்தின் மாரெட்பள்ளியில் வாழும் தமிழ்ச் சிறுவர்கள் ஆங்கிலப் பாடல்களை மழலைப் பருவத்திலேயே கற்றுக்கொள்கின்றனர். அப்பாடல்களில் ஓசை ஒப்புமை பெரும்பாலும் அடியின் இறுதியில் வரும். ‘லைட்’ என ஓரடி முடிந்தால் ‘நைட்’ என அடுத்த அடி முடியும். இதற்குப் பழகிய செவி, தமிழ்ச் செய்யுளிலும் அடியின் இறுதியையே தேடுகிறது. அங்கே ஒப்புமை இல்லையெனில், ‘இதில் ஓசை இல்லை’ என்று முடிவு செய்துவிடுகிறது. தமிழ்ச் செய்யுள் தன் ஓசையைப் பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில் வைத்திருப்பதே இதற்குக் காரணம்.

பூக்களைத் தொடுத்து மாலையாக்குவது போல, எழுத்துகளை ஒலியால் தொடுப்பதைத் ‘தொடை’ என்பர். தொல்காப்பியத்தின் செய்யுளியல் கூறும் தொடைகளுள் மூன்றை இப்பாடத்தில் காண்போம். மாரெட்பள்ளியையும் அதைச் சூழ்ந்த பகுதிகளையும் குறிக்கும் ஊர்ப்பெயர்களே இங்கு எடுத்துக்காட்டுகள்.

எதுகை

இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. ‘தார்நாகா’, ‘கார்கானா’ ஆகிய இரு பெயர்களிலும் இரண்டாம் எழுத்து ‘ர்’. ‘பிக்கெட்’, ‘சிக்கடபள்ளி’ ஆகிய இரண்டிலும் அது ‘க்’. ஆகவே இவை எதுகைகள்.

இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். ஒன்று குறிலாயின் மற்றொன்றும் குறிலாக வேண்டும். ஒன்று நெடிலாயின் மற்றொன்றும் நெடிலாக வேண்டும். ‘காலை’, ‘மாலை’ என்பன எதுகை. ‘காலை’, ‘மலை’ ஆகிய இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘லை’ எனினும், ‘கா’ நெடில், ‘ம’ குறில். எனவே அவை எதுகை ஆகா. மாணவர் எழுதும் செய்யுளில் மிகுதியாக நேரும் பிழை இதுவே. இரு சொற்களையும் உரக்கப் படித்தால், ஒன்று நீண்டும் மற்றொன்று குறுகியும் ஒலிப்பதைச் செவியே காட்டிக்கொடுக்கும்.

மோனை

முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை. ‘மாரெட்பள்ளி’, ‘மல்காஜ்கிரி’ என்பன மோனை. ஆனால் ‘மாரெட்பள்ளி’, ‘மெட்டுகூடா’ என்பன மோனை அல்ல. ஆங்கில முறையில் இரண்டும் ‘ம்’ என்னும் ஒலியில் தொடங்குவதே போதும். தமிழில் அதனோடு சேர்ந்த உயிரும் ஓரினமாக இருத்தல் வேண்டும். அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம். ‘மா’ முதல் இனத்தைச் சேர்ந்தது. ‘மெ’ இரண்டாம் இனத்தைச் சேர்ந்தது.

வேறொரு வகையில் தமிழ் ஆங்கிலத்தினும் நெகிழ்ந்து கொடுக்கிறது. சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் தம்முள் மோனையாகும். எனவே ‘மல்காஜ்கிரி’, ‘வாரசிகூடா’ என்பன எழுத்தால் வேறுபட்டாலும் மோனையே. இங்கும் உயிர் ஓரினமாக இருப்பதைக் காண்க.

இயைபு

அடிகளின் இறுதி எழுத்தோ சொல்லோ ஒன்றி வருவது இயைபு. ஆங்கிலத்தின் ஈற்றொலி ஒப்புமைக்கு மிக அருகில் உள்ள தொடை இதுவே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஓரடி ‘மாரெட்பள்ளி’ எனவும் அடுத்தது ‘சிக்கடபள்ளி’ எனவும் முடியுமானால், ‘பள்ளி’ என்னும் அதே சொல் இரு முறை வந்து இயைபு அமைகிறது. ஆங்கிலத்திலோ அதே சொல்லை மீண்டும் வைப்பது நல்ல ஒப்புமையாகக் கருதப்படுவதில்லை. அழுத்தம் பெறும் கடைசி உயிர் முதல் இறுதிவரை ஒலி ஒன்ற வேண்டும்; அதற்கு முன்னுள்ள மெய்யொலி மாற வேண்டும். ‘லைட்’, ‘நைட்’ என்பவற்றில் ‘ல்’, ‘ந்’ மாறுவது இதனாலேயே.

தமிழில் வினைச்சொற்கள் ‘வந்தான், சென்றான், நின்றான்’ என ஒரே விகுதியில் எளிதாக முடிந்துவிடுகின்றன. எனவே ஈற்றில் ஒலியை ஒன்றச் செய்வது அரிதன்று. சொல்லின் தொடக்கத்தில் நிற்பது பகுதி. பொருளும் அங்கேதான் உள்ளது. தொடக்கத்தில் ஒலியை ஒன்றச் செய்வதற்குச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு செய்யுளை ஆராய்தல்

இப்பாடத்திற்கென இயற்றப்பட்ட நான்கு அடிகள் இவை:

காலைக் கதிரவன் கண்விழித் தெழுமுன்
பாலை விற்பவர் பையவே வருவார்
சாலை ஓரம் தண்ணிழல் வேம்பு
மாலை வரையில் மக்களைத் தாங்கும்

முதலில் அடிகளின் இறுதியைக் காண்போம். ‘முன், வார், வேம்பு, கும்’ என ஒன்றோடொன்று ஒவ்வாமல் நிற்கின்றன. இயைபு இல்லை. ஆங்கிலச் செவி இங்கேயே நின்றுவிடும்.

இப்போது அடிகளின் தொடக்கத்தை மேலிருந்து கீழாகப் படிப்போம்: காலை, பாலை, சாலை, மாலை. நான்கிலும் முதல் எழுத்து நெடில். இரண்டாம் எழுத்து ‘லை’. அடிதோறும் வருவதால் இது அடியெதுகை.

அடுத்து, ஒவ்வோர் அடியையும் இடமிருந்து வலமாகப் படிப்போம். ஓரடியில் நான்கு சீர்கள் உள்ளன. முதலடியில் ‘கா, க, க’ என முதல் மூன்று சீர்களிலும் மோனை உள்ளது; இதற்குக் கூழை மோனை என்று பெயர். இரண்டாம் அடியில் முதற்சீரின் ‘பா’வும் மூன்றாம் சீரின் ‘பை’யும் ஒன்றுகின்றன; இது பொழிப்பு மோனை. மூன்றாம் அடியில் ‘சா’வும் ‘த’வும் இன எழுத்துகளாய் நின்று பொழிப்பு மோனை ஆகின்றன. நான்காம் அடியில் ‘மா, வ, ம’ எனக் கூழை மோனை மீண்டும் வருகிறது. ஈற்றில் ஓசையற்றதாகத் தோன்றிய செய்யுளில் ஓர் அடிகூடத் தொடையின்றி இல்லை.

தெலுங்கில் இதன் உறவு

தெலுங்கு பயிலும் வகுப்புத் தோழர்களுக்கு எதுகை புதியதன்று. அவர்கள் அதைப் ‘பிராச’ என்பர். உற்பலமாலை என்னும் பாவகையில் நான்கு அடிகளிலும் இரண்டாம் எழுத்தின் மெய் ஒன்ற வேண்டும். அதன்மேல் ஏறும் உயிர் மாறலாம். தமிழில் மெய் ஒன்றி உயிர் மாறுவதை வருக்க எதுகை என்பர். மோனையை ஒத்த ‘யதி’யும் தெலுங்கில் உண்டு. உற்பலமாலையின் ஓரடிக்கு 20 எழுத்துகள். முதல் எழுத்தோடு 10ஆம் எழுத்து ஒத்திசைக்க வேண்டும். தமிழில் மோனை சீரின் முதலில் வரும். தெலுங்கில் யதியின் இடத்தை எழுத்தை எண்ணிக் காண்பர்.

பயிற்சி

1. பாடம், படம், மாடம், வடம்: இவற்றுள் எதுகையாகும் இணைகளைப் பிரித்து எழுதுக.

2. ‘நகரம்’ என்னும் சொல்லுக்கு நாடு, நிலவு, ஞாயிறு ஆகியவற்றுள் மோனையாகாதது எது? காரணம் கூறுக.

3. மேலே உள்ள செய்யுளின் நான்காம் அடியில் ‘மாலை’ என்பதை நீக்கி ‘இரவு’ என வைத்தால் எவ்வெத் தொடைகள் கெடும்?

4. தெலுங்கு பயிலும் தோழர் ஒருவரிடம் அவர் பாடநூலிலுள்ள உற்பலமாலை ஒன்றைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நான்கு அடிகளின் இரண்டாம் எழுத்துகளையும் தமிழில் எழுதுக. அவற்றின் மெய் ஒன்றுகிறதா எனக் காண்க.