டியூஷன் ஃபீஸ்: காலி சீட்டுக்கும் சேர்த்துப் போடுங்க

வேலைக்குப் போயிட்டே, ஒரு ரூம் எடுத்து, ஆசிரியர் வெச்சு பிளஸ் ஒன் மேத்ஸ் பேட்ச் ஆரம்பிக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். மொத்தம் 10 சீட். வாடகை, கரண்டோட மாசம் 6,000 ரூபாய். ஆசிரியர் சம்பளம் 10,000. ஜெராக்ஸ் ஒரு பையனுக்கு 80.

பலரும் 16,000-ஐ 10-ஆல் வகுத்து, 80 கூட்டி, 1,680-னு ஃபீஸ் சொல்லிடுவாங்க. இங்கேதான் சிக்கல். ஃபீஸ் வர்றது 10 மாசம்தான். லீவுலயும் வாடகை உண்டு. வாடகை 72,000, சம்பளம் 1,00,000. ஆக வருஷத்துக்கு 1,72,000.

அடுத்தது காலி சீட். ஜூன்ல நாலு பேர், அரையாண்டுக்கு அப்புறம் ஒன்பது பேர்னு வருவாங்க. சராசரி 7 பேர்னா, 70 மாச ஃபீஸ்தான் கைக்கு வரும். 1,72,000-ஐ 70-ஆல் வகுத்தா 2,457, ஜெராக்ஸோட 2,537. இதுல உங்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை! 1,680 வாங்கினா வருஷத்துக்கு 60,000 உங்க சம்பளத்துல இருந்து போகும்.

உங்க ஏரியா ரேட் 2,000-தானா? அப்போ சராசரி 9 பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது. அது நடக்காதுன்னு தோணினா, ஆசிரியர்கிட்ட தலைக்கு இவ்வளவுன்னு பேசுங்க. ஃபீஸைக் குறைச்சு சீட்டை நிரப்புறது கடைசி வழி.