பணம் முழுசா வந்தாச்சா? ‘பாக்கி இல்லை’ கடிதம் கொடுங்க

சிமெண்ட், கம்பி கடனுக்கு விற்கும் கடைகளில், கடைசிப் பணம் வந்ததும் "செட்டில் ஆயிடுச்சுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறோம். எந்தக் கணக்கு, எந்த பில், எவ்வளவு என்று அதில் எதுவுமே இல்லை. ஆறு மாதம் கழித்து பழைய பில் ஒன்று கிளம்பினால், இரு தரப்பிடமும் ஆதாரம் இருக்காது.

ஓர் உதாரணம் பார்ப்போம். வீடு கட்டும் ஒருவருக்கு மூன்று பில்களில் மொத்தம் ரூ.1,46,000-க்குப் பொருள் போயிருக்கிறது. அவர் ஏற்கெனவே கட்டியது ரூ.1,00,000. மிச்சமான 10 மூட்டை சிமெண்டைத் திருப்பிக் கொடுத்ததில் ரூ.3,800 கழிகிறது. பாக்கி ரூ.42,200. அவர் யுபிஐ-யில் ரூ.42,000 அனுப்பி, "முடிச்சுக்கலாமா அண்ணே?" என்கிறார். நீங்களும் சரி என்கிறீர்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். ‘முழுத் தொகையும் பெற்றேன்’ என்று மட்டும் எழுதினால், உங்கள் நோட்டில் ரூ.200 பாக்கியாகவே நிற்கும். தள்ளுபடி செய்ததையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

எழுதுவதற்கு முன், பணம் உண்மையிலேயே வந்ததா என்று உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போதாது. செக் என்றால், அது பாஸ் ஆகும்வரை ‘செக் பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் ரசீது கொடுங்கள். பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு செக் திரும்பினால், உங்கள் கடிதமே உங்களுக்கு எதிராக நிற்கும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"திரு. ........ அவர்களுக்கு,
பில் எண்கள் 212, 230, 247-க்கான மொத்தத் தொகை ரூ.1,46,000. முன்பு பெற்றது ரூ.1,00,000. திரும்பிய சிமெண்டுக்குக் கழித்தது ரூ.3,800. இன்று யுபிஐ மூலம் பெற்றது ரூ.42,000 (யுடிஆர் எண் ........). தள்ளுபடி ரூ.200. மேற்கண்ட பில்களுக்குத் தாங்கள் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. உத்தரவாதமாகத் தந்த செக் எண் ........ திருப்பித் தரப்பட்டது.
தேதி, கையெழுத்து, கடை முத்திரை."

பில் எண்களைக் குறிப்பிடுவதில் ஒரு காரணம் இருக்கிறது. வேறொரு வேலைக்கு அதே வாடிக்கையாளர் புதிதாகக் கடன் வாங்கியிருந்தால், இந்தக் கடிதம் அதைத் தொடாது. பொத்தாம் பொதுவாக ‘எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதினால், அந்தக் கடனும் முடிந்துவிட்டது என்று அவர் வாதிடலாம்.

இதே கடிதத்தைப் பணம் பெற்ற ரசீதாகவும் கொடுப்பதாக இருந்தால், தொகை ரூ.5,000-க்கு மேல் போவதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போடுங்கள். பிறகு செல்போனில் ஸ்கேன் செய்து பிடிஎஃப்-ஆக அனுப்பலாம். அசலை வாடிக்கையாளரிடம் கொடுத்து, நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அவரிடம் கையெழுத்து வாங்கி, அந்த பில்களோடு சேர்த்து வையுங்கள்.

நீங்கள் வாடிக்கையாளர் என்றால், கடைசித் தவணை கட்டிய அன்றே இந்தக் கடிதத்தையும், கொடுத்து வைத்த செக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.