டெண்டரோடு போகிற மெயிலில் என்ன எழுதுவது?

தம்பி, பைல்களையெல்லாம் இணைத்துவிட்டு "கொட்டேஷன் அனுப்பியிருக்கிறோம், பார்க்கவும்" என்று ஒரே வரி தட்டிவிடுகிற பழக்கத்தை முதலில் விடு. மில் பர்ச்சேஸ் பிரிவில் உட்கார்ந்து, வருகிற டெண்டர்களைப் பிரித்து அடுக்குகிறவள் நான். அந்த மெயிலை நாங்கள் பிரிண்ட் எடுத்து உன் பைலுக்கு மேல்தாளாக வைப்போம். கமிட்டியில் இருக்கிற பலர் முழுசாகப் படிக்கிற ஒரே தாள் அதுதான்.

எழுத உட்காருமுன் டெண்டர் நோட்டீஸில் ஒன்றை மட்டும் தேடிப் பார். ஒற்றைக் கவரா, இரட்டைக் கவரா? இரட்டைக் கவர் என்றால் தொழில்நுட்ப விவரம் தனி, விலை தனி. முதல் கவரில் தேறியவர்களின் விலையை மட்டும்தான் பிறகு பிரிப்பார்கள். அப்படிப்பட்ட டெண்டரில் மெயிலில் விலையைக் குறிப்பிட்டாலே போச்சு, பரிசீலிக்காமல் ஒதுக்க அது ஒன்றே போதும். பைல் பெயரில்கூட ரூபாய் வரக் கூடாது. விலை பைலுக்குப் பாஸ்வேர்டு போடச் சொல்லியிருந்தால், அந்தப் பாஸ்வேர்டை அவர்கள் கேட்கிற நாளில்தான் அனுப்ப வேண்டும். முன்கூட்டியே இதே மெயிலில் எழுதிவிட்டால் பூட்டு போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதைதான். அரசு டெண்டர் என்றால் பேச்சே வேறு. tntenders.gov.in மாதிரி தளத்தில் ஏற்றச் சொன்னால் அங்கே ஏற்றியதுதான் கணக்கு. மெயில் அதற்கு ஈடாகாது.

உன் பட்டறைக்கு வரக்கூடிய ஒரு வேலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு தனியார் கல்லூரி விடுதிக்கு 120 ஈரடுக்கு இரும்புக் கட்டில் வேண்டும். ஒற்றைக் கவர், மெயிலில் அனுப்பலாம். கடைசி நேரம் மார்ச் 20, மாலை 3 மணி. விலை 90 நாள் மாறக் கூடாது, முன்வைப்புத் தொகை 25,000 ரூபாய் என்று கேட்டிருக்கிறார்கள் என்று வை.

சப்ஜெக்ட் வரியில் அவர்கள் கொடுத்த டெண்டர் எண், பொருள், உன் நிறுவனப் பெயர் மூன்றும் வரட்டும். நிறுவனப் பெயர் ஜிஎஸ்டி சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். கடைப் பலகையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர், மெயிலில் இன்னொன்று என்றால் மூன்றும் ஒரே ஆள்தானா என்று கேட்பார்கள். டெண்டருக்குக் கொடுத்திருக்கிற முகவரிக்கு மட்டும் அனுப்பு. கல்லூரியில் தெரிந்தவர் இருக்கிறாரே என்று அவருக்கும் ஒரு காப்பி போட்டால் அவருக்கும் சங்கடம், உனக்கும் சந்தேகப் பெயர்.

மெயிலின் உள்ளடக்கம் இப்படிப் போகலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான்.

"ஐயா, மேற்கண்ட டெண்டருக்கு எங்கள் விலைப்புள்ளியைச் சமர்ப்பிக்கிறோம். 120 ஈரடுக்கு இரும்புக் கட்டில்கள், ஒன்று ரூ.9,800 வீதம் ரூ.11,76,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் ரூ.2,11,680. ஆக மொத்தம் ரூ.13,87,680. வண்டி வாடகை, இறக்குகூலி, விடுதி அறையில் பொருத்தித் தருவது எல்லாம் இந்த விலைக்குள் அடக்கம். ஆர்டர் கிடைத்த 45 நாளுக்குள் டெலிவரி. விலை ஜூன் 18 வரை செல்லும். டெண்டரின் எல்லா நிபந்தனைகளையும் ஏற்கிறோம், விலகல் எதுவும் இல்லை. முன்வைப்புத் தொகை ரூ.25,000 நெஃப்ட் மூலம் செலுத்தப்பட்டது, யுடிஆர் எண்ணும் தேதியும் கீழே."

வாடகை, கூலி, பொருத்துவது பற்றிய அந்த ஒரு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் எல்லோருடைய விலையையும் ஒரே தாளில் அருகருகே வைத்து ஒப்பிடுவோம். வாடகை உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தெரியாத விலையை எங்கே வைப்பது? அதேபோல "90 நாள்" என்று மொட்டையாக எழுதாமல் கடைசித் தேதியிலிருந்து எண்ணி, ஜூன் 18 என்று தேதியாகவே எழுதிவிடு. எந்த நாளிலிருந்து 90 என்ற வாதமே எழாது.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமானது. உள்ளே இருக்கிற தாள்களில் இல்லாத எதையும் மெயிலில் சேர்க்காதே. "50 சதவீதம் முன்பணம் கொடுத்தால் நன்றாயிருக்கும்" என்று நீ பணிவாகத்தான் எழுதுவாய். டெண்டரில் "சப்ளை முடிந்து 30 நாளில் பணம்" என்று இருந்தால், உன்னுடையது நிபந்தனை போட்ட டெண்டராகிவிடும். அப்படிப்பட்டதைத் தள்ளிவிடலாம் என்று பெரும்பாலான நோட்டீஸ்களில் ஒரு விதியே இருக்கும். முன்பணம் இல்லாமல் இரும்பு வாங்க முடியாது என்றால், கடைசித் தேதிக்கு முன்னால் கேள்வியாகக் கேட்டுத் தெளிவு பெறு, இல்லையென்றால் இந்த டெண்டரை விட்டுவிடு. எண்களும் அப்படித்தான். விலைப்பட்டியலில் 9,800, மெயிலில் 9,850 என்று வந்தால் எது உன் விலை என்று கமிட்டிக்குத் தெரியாது. பட்டியலுக்குள்ளேயே தனி விலையும் மொத்தமும் முரண்பட்டால் பொதுவாகத் தனி விலையைத்தான் எடுப்பார்கள். மெயிலுக்கும் பட்டியலுக்கும் முரண் வந்தால் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அதனால் மெயிலைக் கடைசியாக எழுது, விலைப்பட்டியலைத் திறந்துவைத்து எண்ணை அங்கிருந்தே காப்பி எடு.

இணைப்புப் பட்டியலை உன் வசதிப்படி அடுக்காதே. அவர்கள் எந்த வரிசையில் கேட்டார்களோ அதே வரிசை, அதே பெயர். ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணிக்கையும் போடு: "1. விலைப்பட்டியல், 2 பக்கம். 2. கட்டில் அளவும் தகட்டுக் கனமும், 3 பக்கம். 3. முன்வைப்புத் தொகை ரசீது, 1 பக்கம். 4. ஜிஎஸ்டி சான்றிதழ், 3 பக்கம். 5. உத்யம் சான்றிதழ், 2 பக்கம். 6. கையெழுத்திட்ட டெண்டர் படிவம், 14 பக்கம்." பைல்களுக்கும் `01_Price_Offer.pdf`, `02_Technical_Spec.pdf` என்று அதே எண்ணிலேயே பெயர் வை. `scan0047.pdf` என்று வந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். கேட்ட ஒன்று உன்னிடம் இல்லையென்றால் அந்த எண்ணைத் தாண்டிப் போகாமல், "பொருந்தாது" என்று காரணத்தோடு எழுது. உத்யம் இருக்கிறது, முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம் என்று நினைத்துவிடாதே. சிறு தொழிலுக்கான அந்த விலக்கு அரசு டெண்டருக்கானது. தனியார் கல்லூரி தன் நோட்டீஸில் சொல்லியிருந்தால்தான் உண்டு.

அளவையும் பார்த்துக்கொள். ஜிமெயிலில் 25 எம்பி வரைதான் இணைப்பு போகும். அதைத் தாண்டினால் அதுவே டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். லிங்க்கைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் உன் தாள் எங்கள் கைக்கு வரவில்லை என்றுதான் அர்த்தம். அலுவலக சர்வர்கள் சில இதைவிடக் குறைவாகவே ஏற்கும். கலர் ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். முடியாவிட்டால் இரண்டு மெயிலாகப் பிரித்து, "1/2", "2/2" என்று சப்ஜெக்டில் போடு.

அனுப்புமுன் உன்னுடைய இன்னொரு முகவரிக்கு அனுப்பி, போனில் ஒவ்வொரு பைலையும் திறந்து பார். அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால் திருத்திய பக்கத்தை மட்டும் தனியாக அனுப்பாதே. கடைசி நேரத்துக்கு முன்னால் முழு டெண்டரையும் மறுபடி அனுப்பி, "இன்ன தேதி, இன்ன நேர மெயிலுக்குப் பதிலாக இது" என்று முதல் வரியிலேயே எழுது. திருத்தி அனுப்ப நோட்டீஸ் இடம் தருகிறதா என்பதையும் பார்த்துக்கொள். 20ஆம் தேதி கடைசி என்றால் 18ஆம் தேதியே அனுப்பிவிடு. மறுநாளும் "கிடைத்தது" என்று பதில் வரவில்லையென்றால் போன் போட்டுக் கேள், ஸ்பாமில் பார்க்கச் சொல்.