40,000-னு நினைச்சேன், கையில 29,538: ஒரகடம் ஆஃபரும் மூணு மெயிலும்

நான் அனுப்பின முதல் மெயிலை இப்ப படிச்சா எனக்கே சிரிப்பா இருக்கு. ஒரு பெரிய பாரா முழுக்க நன்றி, அடுத்த பாரா முழுக்க என் ஆர்வம், கடைசியா ஒரு வரி: "சந்தை நிலவரத்துக்கு ஏற்ற சம்பளத்தை எதிர்பார்க்கிறேன், தயவுசெய்து ஆவன செய்யவும்." மறுநாள் மதியம் பதில் வந்தது. அவங்க சம்பளம் சந்தை நிலவரத்துக்கு ஏற்றதுதான், மீண்டும் வாழ்த்துகள். அவ்வளவுதான், முடிஞ்சுது.

கம்பெனி பேர் வேண்டாம். ஜெர்மன் கம்பெனி, வண்டி பாகங்கள் செய்றாங்க, ஒரகடம் சிப்காட்ல ஆலை. நான் ஆஃப் கேம்பஸ்ல அப்ளை பண்ணேன். ரெண்டாவது இன்டர்வியூ அங்க இருக்கிற ஒரு மேனேஜரோட வீடியோவுல நடந்தது. ஆஃபர் மெயிலும் அங்க இருக்கிற ஹெச்.ஆர். அம்மா கிட்ட இருந்துதான் வந்தது, ஒரகடம் ஹெச்.ஆர். காப்பில மட்டும் இருந்தார். கேம்பஸ் டிரைவ்ல வர்ற ஆஃபருக்கு இந்தக் கட்டுரை அவ்வளவா உதவாது. அங்க அறுபது பேருக்கும் ஒரே பேக்கேஜ், பேசுறது பிளேஸ்மென்ட் செல். நீங்க தனியா மெயில் போட்டா கம்பெனியும் கோபப்படும், செல்லும் கோபப்படும்.

அந்த ஒரு வரி பதிலை எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அக்கா ஒருத்தங்களுக்கு ஃபார்வேர்ட் பண்ணேன். அவங்க ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆலையில ரெண்டு வருஷமா இருக்காங்க. உடனே கால் பண்ணாங்க.

"தம்பி, இதுல எவ்ளோ வேணும்னு நீ சொல்லவே இல்லையேடா. அவங்க எதுக்குன்னு ஆமா சொல்லுவாங்க?"

"நம்பர் சொன்னா திமிர் பிடிச்சவன்னு நினைச்சுட்டா, அக்கா?"

"நம்பர் சொல்லாம கேட்டா மட்டும் என்ன நினைச்சாங்க? சரி, முதல்ல ஆஃபர்ல உனக்கு மாசம் எவ்ளோ வருதுன்னு சொல்லு."

நான் 40,000-னு சொன்னேன். சி.டி.சி. 4,80,000, அதை 12-ஆல வகுத்தா 40,000. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அனெக்சரைத் திற"ன்னாங்க.

ஆஃபர் லெட்டரோட கடைசிப் பக்கத்துல இருக்கிற அட்டவணைதான் அந்த அனெக்சர். என்னோடதுல வருஷக் கணக்கு இப்படி இருந்தது. பேசிக் 2,40,000. வீட்டு வாடகைப் படி 96,000. ஸ்பெஷல் அலவன்ஸ் 54,456. இந்த மூணும்தான் மாசாமாசம் வர்ற நிலையான சம்பளம், கூட்டி 12-ஆல வகுத்தா 32,538 ரூபாய். மீதி எல்லாம் வேற வகை. கம்பெனி போடுற பி.எஃப். 21,600, அதாவது 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு 12 சதவீதம், மாசம் 1,800. கிராஜுவிட்டி 11,544, அது பேசிக்ல 4.81 சதவீதம். மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் 8,400. கடைசியா வேரியபிள் பே 48,000.

32,538-லயும் என் பங்கு பி.எஃப். 1,800 போகும், பஸ்ஸுக்கு 1,200 பிடிப்பாங்க. கையில 29,538. வருமான வரி கவலை இல்ல, இந்தச் சம்பளத்துக்குப் புது முறையில வரி வராது. ஆனா நான் வீட்டுல 40,000-னு சொல்லி அம்மா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டாச்சு. அது தனிக் கதை.

அக்கா சொன்ன முதல் விஷயம் இதுதான்: சி.டி.சி.யை வெச்சுப் பேரம் பேசாத, நிலையான மாசச் சம்பளத்தை வெச்சுக் கேளு. சி.டி.சி.ல 40,000 ஏத்தித் தர்றேன்னு சொல்லி அதை முழுசா வேரியபிள்ல போட்டாங்கன்னா, உங்க பேங்க் அக்கவுண்டுக்கு மாசாமாசம் ஒண்ணும் மாறாது. வேரியபிள் நிதியாண்டு முடிஞ்ச பிறகுதான் வரும், அப்ப நீங்க வேலையில இருக்கணும், முதல் வருஷம் சேர்ந்த தேதியில இருந்துதான் கணக்கு. என் லெட்டர்ல இது எல்லாமே சின்ன எழுத்துல இருந்தது.

அப்புறம் நம்பர். வேற ஒரு ஆலை எனக்கு எழுத்துல ஆஃபர் குடுத்திருந்தது, மாசம் 35,000 நிலையான சம்பளம். ஆனா அங்க பஸ் கிடையாது, வேலையும் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன். எனக்குப் பிடிச்சது ஒரகடம் ஆஃபர்தான், மெயின்டனன்ஸ் ஆட்டோமேஷன். 34,500 வந்தாலே சேர்ந்துடுவேன்னு மனசுல முடிவு பண்ணிட்டு 36,000 கேட்டேன். இல்லாத ஆஃபரை இருக்குன்னு சொல்றது மட்டும் வேண்டவே வேண்டாம். ஹெச்.ஆர். அந்த லெட்டரோட காப்பி கேட்டா அங்கேயே கதை முடிஞ்சுது. அதோட இந்த காரிடார்ல ஹெச்.ஆர். ஆட்கள் ஒரு ஆலையில இருந்து இன்னொரு ஆலைக்கு மாறிக்கிட்டே இருக்காங்க, பாதிப் பேருக்குப் பாதிப் பேரைத் தெரியும்.

ரெண்டாவது மெயில் இங்கிலீஷ்லதான் போச்சு. அதோட சாரம் இது:

"ஆஃபருக்கு நன்றி. இந்த வேலையில் சேர விரும்புகிறேன். கையெழுத்திடும் முன் சம்பளம் பற்றி ஒரு வேண்டுகோள். ஆஃபரில் மாத நிலையான சம்பளம் 32,538 ரூபாய். இதை 36,000 ரூபாயாக உயர்த்த முடியுமா? காரணம் இரண்டு. ஸ்ரீபெரும்புதூரில் உள்ள மற்றொரு நிறுவனம் எனக்கு 35,000 ரூபாய் எழுத்துபூர்வமாகத் தந்துள்ளது. மேலும், நான் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பில் கன்வேயர் லைன் ஒன்றின் பி.எல்.சி. புரோகிராமை மாற்றி எழுதியிருக்கிறேன், இந்த வேலைக்கு அது முதல் நாளிலிருந்தே பயன்படும். 36,000 ரூபாய்க்கு நீங்கள் சம்மதித்தால் அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன்."

மொத்தமே அவ்வளவுதான். வீட்டுக் கஷ்டம், எஜுகேஷன் லோன் எதுவும் அதுல இல்ல. நான் எழுதித்தான் வெச்சிருந்தேன், அக்கா அழிக்கச் சொல்லிட்டாங்க. லோன் என் பிரச்சினை, அதைக் காட்டி அந்த அம்மா மேலிடத்துல அனுமதி வாங்க முடியாது. இன்னொரு கம்பெனியோட நம்பரையும் பி.எல்.சி. வேலையையும் அப்படியே காப்பி பண்ணி அவங்க மேனேஜருக்கு அனுப்பலாம். கடைசி வரியும் முக்கியம். ஏத்திக் குடுத்த பிறகும் இவன் வேற இடத்துக்கு ஓடிடுவானோங்கிற பயம்தான் ஹெச்.ஆருக்குப் பெரிய பயம்.

வெளிநாட்டுக்கு எழுதும்போது நம்பர் எழுதுற விதத்துல ஒரு சிக்கல் இருக்கு. 4,80,000-னு நாம போடுற காற்புள்ளி அங்க இருக்கிறவங்களுக்குத் தட்டச்சுப் பிழை மாதிரித் தெரியும். லட்சம், எல்.பி.ஏ. எல்லாம் அவங்களுக்குப் புரியணும்னு கட்டாயம் இல்ல. ஜெர்மன்காரங்க ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுறவங்க, அதனால 4.8-னு எழுதுறதும் ஆபத்து. `INR 480,000` அப்படின்னு எழுதி, பக்கத்துல வருஷத்துக்கா மாசத்துக்கா, பிடித்தத்துக்கு முன்னாலயா பின்னாலயான்னு சொல்லிடுங்க. அங்க இதே வேலைக்கு எத்தனை யூரோன்னு ஒப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். அவங்க ஒரகடத்துல ஆலை போட்டதுக்கு அந்த வித்தியாசமும் ஒரு காரணம், நாமளே அதை ஞாபகப்படுத்துவானேன்.

நாலு நாள் கழிச்சுப் பதில் வந்தது. கிராஜுவேட் டிரெய்னி கிரேடுக்கு இந்த வருஷம் மொத்தத் தொகை எல்லாருக்கும் ஒரே 4,80,000, ஒருத்தருக்கு மட்டும் மாத்த முடியாது. மரியாதையா, தெளிவா எழுதியிருந்தாங்க. நான் தோத்துட்டேன்னு நினைச்சேன். அக்கா அதே மெயிலைப் படிச்சுட்டு, "மொத்தம் மாறாதுன்னுதானே சொல்லியிருக்காங்க, உள்ள பிரிக்கிறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே"ன்னாங்க.

இந்த இடம்தான் எனக்குப் புதுசு. கிரேடுன்னு ஒண்ணு இருந்தா, ஒரு டிரெய்னிக்கு ஏத்தினா கூடச் சேர்ந்த எல்லாருக்கும் பதில் சொல்லணும், அதனால அந்த நம்பரை ஹெச்.ஆர். தொட மாட்டாங்க. அதுக்குள்ள இருக்கிற பிரிவு அவ்வளவு இறுக்கம் இல்ல. அதுலயும் பேசிக்ல கை வைக்க இடம் கம்மி. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புதுச் சம்பளச் சட்டத்துல, அலவன்ஸ் எல்லாம் மொத்தத்துல பாதியைத் தாண்டினா தாண்டின பகுதியும் சம்பளமாவே கணக்காகும், அதனால பேசிக்கைப் பாதியா வெச்சு அப்படியே விட்டுடுறாங்க. நகர்த்தக்கூடியது வேரியபிள்தான்.

மூணாவது மெயில் இன்னும் சின்னது. "கிரேடு விதியைப் புரிந்துகொண்டேன். மொத்தத் தொகை அப்படியே இருக்கட்டும். வேரியபிள் பே 48,000-இல் 24,000 ரூபாயை ஸ்பெஷல் அலவன்ஸுக்கு மாற்ற முடியுமா? நிலையான சம்பளம் மாதம் 2,000 கூடி 34,538 ஆகும். இந்த வேலையில் நைட் ஷிப்ட் உண்டு என்று இன்டர்வியூவில் சொன்னீர்கள், அதற்கான படி லெட்டரில் இல்லை. அதையும் சேர்க்க முடியுமா?" நான் கேட்டது 36,000, வந்து நின்னது 34,538, மனசுல வெச்சிருந்த 34,500-க்கு மேலதான்.

இந்த மாற்று வழியை ரெண்டாவது மெயில்லயே போட்டிருக்கலாமேன்னு கேட்டேன். போட்டிருந்தா முதல் கேள்விக்கு யோசிக்கவே மாட்டாங்க, நேரா இதுக்குத் தாவிடுவாங்கன்னு அக்கா சொன்னாங்க. அது சரியான்னு எனக்கு இன்னும் முழுசா நம்பிக்கை இல்ல, நாலு நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்த நாலு நாளும் முக்கியம், ஏன்னா ஆஃபர் லெட்டர்ல கடைசித் தேதி இருக்கும். அது தாண்டிட்டா பேச ஒண்ணும் இல்ல, கையெழுத்துப் போட்டுட்டாலும் பேச ஒண்ணும் இல்ல. என்னோடது ரெண்டு நாள்ல முடியறதா இருந்தது. மூணாவது மெயில்லயே ஐந்து வேலை நாள் நீட்டிப்புக் கேட்டுட்டேன், குடுத்தாங்க. ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால, குளிர்காலத்துல நாலரை. காலையில பத்து மணிக்குப் பதில் வரலையேன்னு நகம் கடிக்காதீங்க, அங்க இன்னும் ஆபீஸ் நேரமே ஆகியிருக்காது.

இந்த ஊர்ல சம்பளம்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில 2024 செப்டம்பர் 9-ல இருந்து அக்டோபர் 15 வரை நடந்த ஸ்டிரைக்தான். லைன்ல இருக்கிறவங்க சேர்ந்து கேட்பாங்க. என்னை மாதிரி டிரெய்னி இன்ஜினியர் தனியாத்தான் கேட்கணும், அதுவும் சேர்றதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை. அதனாலதான் இவ்வளவு கணக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. வேரியபிள் 24,000, நிலையான சம்பளம் 34,538, நைட் ஷிப்டுக்கு ஒரு ராத்திரிக்கு 150 ரூபாய். மெயில்ல இருந்ததே தவிர லெட்டர் மாறல. ஒரகடம் ஹெச்.ஆர். சார், "மெயில்ல இருக்கே தம்பி, நீங்க பழைய லெட்டர்லயே சைன் பண்ணி அனுப்புங்க"ன்னு போன்ல சொன்னார். நல்ல மனுஷன்தான், ஆனா சம்பளம் போடுற டீம் பார்க்கறது அனெக்சரைத்தான். "சார், திருத்தின அனெக்சர் வந்ததும் அதுலயே சைன் பண்ணிடறேன்"னு சொன்னேன். ரெண்டு நாள் ஆச்சு. வந்ததும் ஸ்பெஷல் அலவன்ஸ் 78,456-ஆ ஆகியிருக்கான்னு பார்த்தேன், ஆகியிருந்தது. ஷிப்ட் படி வரியைக் காணோம். திரும்ப ஒரு மெயில், திரும்ப ஒரு அனெக்சர்.

கையில 31,538, நைட் ஷிப்ட் காசு தனி. வியாழக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு, அன்னைக்கே அந்த இன்னொரு ஆலைக்கும் வர முடியலைன்னு நன்றி சொல்லி மெயில் போட்டேன். அம்மா கிட்ட 31,538-னு சொன்னேன். "முதல்ல 40-னு சொன்னியே"ன்னு கேட்டாங்க.